எருமை மேல பெஞ்ச மழை

நான்காவது முறை அந்தக் கனவு வந்தபோது மணி மூன்றே முக்கால். சத்தம் போட்டேனாம். கணவர் எழுந்து உட்கார்ந்து, "மறுபடியும் எருமையா?" என்று கேட்டார். பேச்சு வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தவர் ஐந்து நிமிடத்தில் தூங்கிப்போனார். நான் விடியும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கனவு எப்போதும் ஒரே இடத்தில்தான் நடக்கும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊரில், தாத்தா வீட்டுக் கொல்லைச் சுவருக்கும் வைக்கோல் போருக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டிய அகலம். அந்தச் சந்தில் நான் நிற்கிறேன். எதிரே ஒரு எருமைக் கடா, தலையைத் தாழ்த்திக்கொண்டு வருகிறது. வேகமாக வருகிறது என்பதைவிட, சந்து முழுக்க அடைத்துக்கொண்டு வருகிறது என்பதே சரி. கொம்பு இரண்டும் இரண்டு பக்கத்தையும் உரசும் சத்தம் கேட்கும். ஓட நினைப்பேன், கால் வராது. மூச்சுக்காற்று வயிற்றில் படும் நேரத்தில் விழித்துவிடுவேன். அது என்னை முட்டியதே இல்லை. ஆனால் முட்டாமலும் விடாது என்ற நிச்சயம் மட்டும் விடிந்த பிறகும் வயிற்றிலேயே தங்கியிருக்கும்.

அம்மாவிடம் சொன்னது தவறு. "எருமையா? எமன் வாகனம்டி அது" என்றாள். தினசரிக் காலண்டரின் பின்பக்கத்தில் கனவுப் பலன் என்று ஒரு பத்தி இருக்குமே, அதைப் போனிலேயே படித்துக் காட்டினாள். எருமை துரத்தினால் நோய், எருமை மேல் ஏறிப் போனால் மரணம், வெள்ளைப் பசு வந்தால் லட்சுமி கடாட்சம். "ஸ்ரீவாஞ்சியம் போய் எமனுக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வந்துடலாம்" என்றும் முடிவு செய்துவிட்டாள். நான் நம்பவில்லை. நம்பாதவளுக்கு ஏன் அன்று முழுக்க வேலை ஓடவில்லை என்று கேட்டால் பதில் இல்லை.

கோவலன் தவறவிட்ட அடையாளம்

காலண்டர் பலன்களைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அந்தப் பயம் காலண்டர்காரர்கள் உண்டாக்கியதல்ல. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் கோவலன் மதுரையின் புறஞ்சேரியில் இருந்துகொண்டு மாடலன் என்ற மறையவனிடம் தான் கண்ட கெட்ட கனவைச் சொல்கிறான். ஒரு கீழ்மகனால், காவல் மிகுந்த அந்த நகரத்தில் கண்ணகி நடுங்கித் துயரப்படுகிறாள். தன் ஆடை பறிக்கப்படுகிறது. தான் 'கோட்டுமா' மேல் ஏறிப் போகிறான். கோடு என்றால் கொம்பு. அந்தக் கொம்புடைய விலங்கை எருமைக் கடா என்றே பொருள் கொள்கிறார்கள். அம்மா படித்துக் காட்டிய வரிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

பள்ளியில் இதை 'தீக்கனா' என்று படித்து மதிப்பெண் வாங்கியதோடு சரி. இப்போது தூக்கம் கெட்ட ஒரு காலையில் எடுத்துப் படித்தபோது, கனவைவிட வேறொரு இடம் என்னைப் பிடித்து நிறுத்தியது. கொலைக்களக் காதையில், சிலம்பை விற்கக் கோவலன் ஆயர்பாடியிலிருந்து கிளம்பித் தெருவில் நடக்கிறான். எதிரே திமிலுள்ள காளை ஒன்று வருகிறது. "இமிலேறு எதிர்ந்தது இழுக்கென அறியான், தன்குலம் அறியும் தகுதியன்று ஆதலின்" என்கிறார் இளங்கோ. காளை எதிர்ப்படுவது கெட்ட நிமித்தம் என்று அவனுக்குத் தெரியாது. ஏனென்றால் அது அவன் குலத்தார் அறிந்துவைக்கிற விஷயம் அல்ல. அவன் வணிகன். முத்தும் பவளமும் பார்த்துச் சொல்வான், மாட்டைப் பார்த்து எதுவும் சொல்லத் தெரியாது.

இந்த வரியில் உள்ள குரூரம் இதுதான்: அவன் அப்போது வெளியே வந்தது ஆயர்குல மூதாட்டி மாதரியின் வீட்டிலிருந்து. அந்தத் தெரு முழுக்க மாட்டை அறிந்தவர்கள். ஒருவரிடம், "வழியில் ஒரு காளை இப்படி நின்றது" என்று சொல்லியிருந்தால் போதும். அவன் கனவை ஒரு மறையவனிடம் சொன்னான், மாட்டை யாரிடமும் சொல்லவில்லை. என் கதையும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மாத்திரையும் மேனேஜரும்

நான் முதலில் போனது டாக்டரிடம். ஒற்றைத் தலைவலிக்கு இரண்டு மாதமாக ப்ரோப்ரனலால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கனவு என்றதும் அவர் சிரிக்கவில்லை. எப்போது தொடங்கியது என்று கேட்டார். மாத்திரை தொடங்கி மூன்றாவது வாரம். பீட்டா பிளாக்கர் என்ற அந்த வகை மருந்துகளில் சில மூளைக்குள்ளும் போகும், சிலருக்குப் பயங்கரக் கனவு தெளிவாக வரும், ப்ரோப்ரனலால் அதில் பேர்போனது என்றார். பிறகு என் கணவரைப் பார்த்து, "தூக்கத்துல கையக் கால வீசுறாங்களா? அடிக்கிறாங்களா, கட்டில்லேர்ந்து விழுறாங்களா?" என்று கேட்டார். "இல்ல சார், முனகுறா, அவ்வளவுதான்" என்றார் இவர். டாக்டருக்கு அது போதுமானதாக இருந்தது.

ஏன் அந்தக் கேள்வி என்று கேட்டேன். கனவு மிகுதியாக வரும் தூக்க நேரத்தில் மூளை உடம்பின் தசைகளைக் கட்டிப்போட்டுவிடுமாம். கனவில் கால் ஓட மறுப்பதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அந்த நேரம் விடியற்காலையை நெருங்க நெருங்க நீளும் என்பதால்தான் என் எருமை மூன்றரைக்கும் நாலரைக்கும் நடுவில் வருகிறது. சிலருக்கு, முக்கியமாக ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். விலங்கு துரத்துகிறது, யாரோ தாக்குகிறார்கள் என்று கனவு கண்டு, படுக்கையில் பக்கத்தில் இருப்பவரை உண்மையாகவே உதைப்பார்கள். அது நரம்பு மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். எனக்கு அது இல்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று சொல்லி, அளவை மெல்லக் குறைத்து வேறொன்றுக்கு மாற்றினார். வாரத்துக்கு இரண்டு முறை வந்த எருமை, மாதத்துக்கு இரண்டு முறை என்று ஆனது.

மாத்திரை, கனவு ஏன் இவ்வளவு தெளிவாக இருந்தது என்பதற்குப் பதில் சொன்னது. ஏன் எருமை என்பதற்குச் சொல்லவில்லை. பாம்பு வந்திருக்கலாம், தேர்வுக்குப் படிக்காமல் போகிற கனவு வந்திருக்கலாம்.

அதற்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது: மேனேஜர். நான் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதிக்குள் போக வேண்டும். அந்த மாதம் நான் பதினாறாம் தேதியே தயார் செய்து அவர் ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டேன். அவர் பார்க்கவில்லை. வரி கட்டப் பணம் ஒதுக்கவும் இல்லை. இருபத்தாறாம் தேதிதான் தாக்கல் ஆனது. நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய் தாமதக் கட்டணம், வரி மேல் ஆண்டுக்குப் பதினெட்டு சதவீத வட்டிக் கணக்கு. எல்லோரையும் உட்கார வைத்து, "ஒரு தேதியை ஞாபகம் வெச்சுக்கத் தெரியாதவங்க எல்லாம் எதுக்கு வேலைக்கு வரீங்க?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். பதினாறாம் தேதி அனுப்பிய மின்னஞ்சல் என் திரையில் திறந்தே இருந்தது. நான் "சரி சார்" என்றேன்.

ஆக, கறுத்த, பருத்த, மூச்சு வாங்குகிற, சந்தை அடைத்துக்கொண்டு வருகிற அது யார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. பிராய்டும் எனக்குச் சாதகமாகத்தான் இருந்தார். 1900ஆம் ஆண்டு எனத் தேதியிட்டு வந்த அவருடைய கனவுப் புத்தகத்தில், கனவில் வரும் கொடிய விலங்குகள் நாம் அஞ்சுகிற உணர்ச்சி வேகங்களைக் குறிக்கின்றன என்கிறார். ஆனால் அதே வாக்கியத்தில் ஒரு கொக்கி வைத்திருக்கிறார்: அந்த வேகம் பிறருடையதாக இருக்கலாம், கனவு காண்பவருடையதாகவும் இருக்கலாம். நான் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியைத் தாண்டிப் போய்விட்டேன். கலிபோர்னியாவில் 1960களில் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் என்ற மனநல மருத்துவர் ஒரு காரியம் செய்வாராம். கனவைச் சொல்பவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, "இப்போ அந்த மிருகமா இருந்து பேசு" என்பாராம். இதை என் தோழி ஒருத்தி சொல்லி, என்னைப் பேசச் சொன்னாள். நான் எருமையாக இருந்து என்ன பேச? "ம்மா" என்றேன். இருவரும் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம்.

சிரித்த பிறகுதான் ஒன்று தைத்தது. என்னை எருமை என்று அழைப்பது புதிதல்ல. சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில் யார் திட்டினாலும் நான் திருப்பிப் பேசமாட்டேன். அழவும் மாட்டேன். அத்தைகளுக்கு அது எரிச்சல். "எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி நிக்கிறா பாரு" என்பது எனக்காகவே செய்த வாக்கியம் மாதிரி வீட்டில் புழங்கியது. தமிழில் காளை என்றால் வீரன், ஏறு என்றால் தலைவன், சிங்கத்தைக்கூடச் சிங்க ஏறு என்கிறோம். எருமை என்றால் மட்டும் சொரணை கெட்டது. முல்லைக்கலியில் கொல்லேற்றின் கொம்புக்கு அஞ்சுகிறவனை ஆயர் மகள் மறுபிறவியிலும் தழுவமாட்டாள் என்று பாட்டு இருக்கிறது. எருமையின் கொம்புக்கு அப்படி ஒரு பாட்டை நான் பார்த்ததில்லை. கோபமே வராது என்று நாம் முடிவுகட்டிய விலங்குதான் என் கனவில் தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தது.

சித்தப்பா கேட்ட ஒரு கேள்வி

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் சித்தப்பாவிடம் சொன்னேன். எழுபது வயதைத் தாண்டிவிட்டார். இப்போது வீட்டில் ஒரு கறவை எருமையும் அதன் கன்றும் மட்டும்தான். ஒரு காலத்தில் பன்னிரண்டு எருமையும், ஊர் முழுக்கச் சினைக்கு ஓட்டி வருகிற ஒரு பொலிகாளையும் வைத்திருந்தவர். நான் கனவைச் சொல்லி முடித்ததும் எமனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அதுக்கு முன்னாடி என்ன பண்ணுச்சு பாப்பா?" என்றார்.

"எதுக்கு முன்னாடி சித்தப்பா?"

"முட்ட வரதுக்கு முன்னாடி. சும்மா வந்து முட்டாது பாப்பா எந்த மாடும். நீ பாதியிலேர்ந்து சொல்ற."

கட்டுத்தறி ஓரமாகக் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தார். காளையை எடுத்துக்கொள். அது எடுத்த எடுப்பில் நேராக வராது. முதலில் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். "நான் எவ்ளோ பெரிசு பாத்துக்க"ன்னு காட்டும். முதுகை வில்லாக வளைக்கும், கழுத்துப் பிடரி புடைக்கும். தலையைத் தாழ்த்தி ஒரு பக்கமாக ஆட்டும். முன்னங்காலால் மண்ணை வாரித் தன் முதுகு மேலேயே போட்டுக்கொள்ளும். கொம்பைத் தரையில் குத்தி உழும். அப்போதே விலகினால் பெரும்பாலும் அது பின்னால் வராது. "அது உனக்கு டயம் குடுக்குது. நீ அதப் பாக்காம குனிஞ்சு சாணி அள்ளிட்டு இருந்தீன்னா அது என்ன பண்ணும்?" விலகுவதிலும் முறை உண்டு. முதுகைக் காட்டி ஓடக் கூடாது. மாட்டின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே மெல்ல நடந்து, ஒரு மரத்தையோ வண்டியையோ நடுவில் விட்டுவிட வேண்டும். எருமை வேறு மாதிரி. அது முதலில் தலையைத் தாழ்த்தாது. மூக்கை வானத்துக்கு நீட்டிக்கொண்டு, கொம்பைப் பின்னால் சாய்த்து உன்னையே முகர்ந்து பார்க்கும். அப்புறம் ஒரு சீறல். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

எனக்குக் குறள் ஒன்று ஞாபகம் வந்தது. ஊக்கமுள்ளவன் காலம் பார்த்து ஒடுங்கியிருப்பது, ஆட்டுக்கடா தாக்குவதற்காகப் பின்வாங்குவது போன்றது என்கிற குறள். அந்தப் பின்வாங்கல்தான் அடையாளம். அதைப் பார்க்கிறவனுக்கு அடுத்தது தெரியும்.

சித்தப்பா தன் பொலிகாளையைப் பற்றியும் சொன்னார். அது ஒருமுறை அவரையே தூக்கி வீசியிருக்கிறது. இடது விலாவில் இன்னும் மழைக்காலத்தில் வலி உண்டு. கோபக்கார மாடா என்று கேட்டேன். "அத விடச் சாது கெடையாது. தாய் செத்துப்போச்சுன்னு நானே புட்டில பால் குடுத்து, மத்த மாட்டோட சேக்காம வீட்டுத் திண்ணையில வளத்தேன். அதான் தப்பு" என்றார். மந்தையோடு வளர்கிற கடாக்கன்று தன் பலத்தை மற்ற கன்றுகளோடு முட்டி மோதிப் பழகிக்கொள்ளும். எங்கே நிறுத்த வேண்டும் என்று அங்கே தெரிந்துவிடும். தனியாக மனிதர்களோடு வளர்ந்தது மனிதனையே தன் மந்தை என்று நினைக்கும். மீசை முளைத்ததும் யாரிடம் போய்த் தன் பலத்தைக் காட்டும்? பாசமாகப் புட்டியில் பால் கொடுத்தவனிடம்தான்.

பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று கேட்டார். "உன் கனவுல அது மத்தியானமா, காலையா?"

நான் யோசித்தேன். வெயில். உச்சி வெயில். வைக்கோல் போர் கண் கூசும்படி மஞ்சளாக இருக்கும். நிழலே இருக்காது.

"அதான பாத்தேன். குளத்துக்கு விட்டியா அத?"

எருமைக்கு வேர்க்காது என்றார். முழுக்க வேர்க்காது என்று சொல்ல முடியாது. மற்ற மாடுகளைவிட எருமையின் தோலில் வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. தோல் கறுப்பு, ரோமம் கொஞ்சம், வெயிலை அப்படியே வாங்கிக்கொள்ளும். வாங்கிய சூட்டை வெளியே விட வழி இல்லை. அதனால்தான் பத்து பதினோரு மணிக்கெல்லாம் அது குளத்தையோ சேற்றையோ தேடும். மூக்கு மட்டும் வெளியே தெரிய முங்கிக் கிடக்கும். சேறு உடம்பில் காயக் காயச் சூடு இறங்கும். அந்த நேரத்தில் கட்டிப்போட்டால் முதலில் மூச்சு இரைக்கும், எச்சில் ஒழுகும், பால் குறையும். கயிறு தெறித்தால் நடுவில் யார் நின்றாலும் பார்க்காது. "அது உன்ன முட்ட வரல பாப்பா. அது தண்ணிக்குப் போவுது. நீ வழியில நிக்கிற."

அப்புறம் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். "எருமை மேல மழை பெஞ்ச மாதிரின்னு திட்றானுவோ. மழை பெஞ்சா அது ஏன் நகரணும்? அதுக்குத்தான காத்துக்கிட்டு கெடக்கு."

நான் அந்தக் கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முப்பது வருடமாக என் மேல் போடப்பட்ட வசவு ஒன்று, அதைப் போட்டவர்கள் யாரும் எருமையைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனது மாதிரி இருந்தது.

கனவைத் திருத்தி எழுதியது

கெட்ட கனவைத் திருத்தி எழுதிப் பழகும் ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. அமெரிக்காவில் பாரி கிராகோ என்ற மருத்துவரும் அவர் குழுவும் இதைப் பரிசோதித்து 2001இல் முடிவு வெளியிட்டார்கள். முறை எளிது. திரும்பத் திரும்ப வரும் கனவை எழுத வேண்டும். பிறகு அதில் எதையாவது, எந்த இடத்தையும், நம் விருப்பப்படி மாற்றி எழுத வேண்டும். மாற்றிய கனவைத் தினமும் பத்து இருபது நிமிடம் பகலில் கண்ணை மூடி மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய கனவை ஓட்டக் கூடாது. பெரிய விபத்தோ வன்முறையோ பார்த்தவர்கள் இதைத் தனியாக வீட்டில் செய்யாமல் மருத்துவர் துணையோடு செய்வது நல்லது. எனக்கு வந்தது அந்த அளவு அல்ல என்பதால் நானே செய்தேன்.

ஊருக்குப் போவதற்கு முன்பே ஒருமுறை முயன்று தோற்றிருந்தேன். அப்போது நான் எழுதிய திருத்தத்தில் என் கையில் அரிவாள் இருந்தது. எருமை வந்தது, வெட்டினேன், விழுந்தது. மகிஷாசுரமர்த்தினி மாதிரி அதன் தலைமேல் நின்றேன். ஒரு வாரம் இதை ஓட்டிப் பார்த்தேன். கனவு அதற்குப் பிறகு மோசமானது. சந்தில் இரண்டு எருமை வந்தது. மாமல்லபுரத்துக் குகையில் அந்தச் சிற்பத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். சிங்கத்தின் மேல் துர்க்கை வில்லோடு வருகிறாள். எதிரே மகிஷன் மனித உடம்பும் எருமைத் தலையுமாக, கையில் தடியோடு இரண்டு காலில் நிற்கிறான். உடம்பு பின்னால் சாய்ந்திருக்கிறது, ஆனால் விழவில்லை. வெட்டிய தலைமேல் அமைதியாக நிற்கும் தேவியைக் கோயில் கோஷ்டங்களில் எத்தனையோ பார்த்திருக்கிறோம். எனக்கு இப்போது அந்தக் குகைச் சிற்பம்தான் நிஜமாகப் படுகிறது. அத்தனை பலம் அவ்வளவு சுலபமாகக் காலடியில் போய்விடாது.

இங்கே கண்ணகியையும் சொல்ல வேண்டும். கோவலன் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்து நின்றபோது ஒரு சொல் கடிந்து பேசாமல், சிலம்பு இருக்கிறது எடுத்துக்கொள்ளுங்கள் என்றவள் அவள். என் அத்தைகள் பார்த்திருந்தால் அவளையும் அதே வாக்கியத்தால்தான் திட்டியிருப்பார்கள். கடைசியில் அரண்மனை வாயிலில் அவள் நின்ற கோலத்தைப் பார்த்து நடுங்கிப்போன காவலாளி, இவள் குருதி கொட்டும் தலையைப் பீடமாக்கி ஏறிய கொற்றவை அல்லள், ஆனால் அப்படி இருக்கிறாள் என்று மன்னனிடம் ஓடுகிறான். அந்தத் தலை மகிடனுடையது என்பார்கள். அவள் எருமையை வென்றவள் மாதிரி அவனுக்குத் தெரிந்தது. எனக்கென்னவோ அவள் அவ்வளவு நாள் கட்டுத்தறியில் வெயிலில் நின்றவள் என்று படுகிறது.

ஊரிலிருந்து திரும்பிய பிறகு, சித்தப்பா சொன்ன மாதிரி, முட்ட வருவதற்கு முந்தைய இடத்துக்குப் போகப் பார்த்தேன். ஒரு நோட்டில் கனவைப் பின்னோக்கி எழுதினேன். மூச்சுக்காற்று வயிற்றில் படுகிறது. அதற்கு முன் கொம்பு உரசுகிறது. அதற்கு முன் அது தலையைத் தாழ்த்தியது. அதற்கு முன்? இரண்டு நாள் அந்த இடத்தில் பேனா நின்றது. மூன்றாம் நாள், எழுதும்போதுதான், என் கையில் ஏதோ இருந்தது ஞாபகம் வந்தது. கனவில் எப்போதும் இருந்திருக்கிறது. அது அவ்வளவு சாதாரணமானது என்பதால் நான் யாரிடமும் சொன்னதில்லை. கருவேல முள்ளும் மூங்கிலும் வைத்துக் கட்டிய படலின் கயிறு. சந்தின் இந்தக் கோடியில் நான்தான் படலைச் சாத்தி, கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்குப் பின்னால் இருப்பது குளம்.

கனவில் நிஜமாகவே அந்தக் கயிறு முதலிலிருந்து இருந்ததா, சித்தப்பா பேசியதைக் கேட்டபின் நான் வைத்துக்கொண்டதா என்று யாராவது கேட்கலாம். எழுதும்போது கனவு மாறும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் விரல்களில் அந்தக் கயிறு இறுகும் வலி எனக்குப் பழக்கமாக இருந்தது. "சரி சார்" என்று சொன்ன அன்று மேசைக்கு அடியில் என் கை எப்படி இருந்தது என்பதும் அதே நேரத்தில் ஞாபகம் வந்தது.

இரண்டாவது திருத்தம் மிகச் சிறியது. எருமை தூரத்தில், மூக்கை நீட்டி நிற்கிறது. அது இன்னும் தலையைத் தாழ்த்தவில்லை. நான் கயிற்றை அவிழ்க்கிறேன். மூன்று சுற்று. படலைத் தள்ளிவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கிறேன். அது என்னைத் தாண்டிப் போகிறது. அதன் விலா என்மேல் உரசும்போது சூடு தெரிகிறது, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி. இவ்வளவுதான். மதியம் சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம், கண்ணை மூடி, மூன்று வாரம் இதை ஓட்டினேன்.

அந்த மூன்று வாரத்துக்குள் அலுவலகத்திலும் ஒரு காரியம் செய்தேன். அது வீரம் எல்லாம் இல்லை. அடுத்த மாத ரிட்டர்ன் வேலையைத் தொடங்கும்போது, போன மாதம் நான் எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு ஒப்புதலுக்கு அனுப்பினேன், எப்போது பதில் வந்தது, எப்போது பணம் ஒதுக்கப்பட்டது என்று நான்கு வரியில் எழுதி, அன்று கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் நகல் போட்டு அனுப்பினேன். "அனுப்பு" என்ற பொத்தானை அழுத்தும்போது காது மடல் சூடாக இருந்தது. அவர் பதில் எழுதவில்லை. அடுத்த மாதம் பதினெட்டாம் தேதியே ஒப்புதல் வந்தது. என்னைப் பார்த்தால் இப்போது குட்மார்னிங் சொல்வதில்லை. அதுவும் ஒரு பக்கம் உறுத்தத்தான் செய்கிறது, பொய் சொல்வானேன்.

கனவு அதன் பிறகு ஒரே முறை வந்தது. நான் எழுதிய மாதிரி வரவில்லை. சந்தில் எருமையே இல்லை. படல் திறந்து கிடந்தது, தரையில் ஈரக் குளம்புத் தடம் மட்டும். எனக்கு என்னவோ அப்போதுதான் நிஜமான பயம் வந்து விழித்தேன். அது எங்கே போனது என்று தெரியவில்லையே என்கிற பயம். மணி நாலு பத்து.

அம்மா விடவில்லை. மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கார் வைத்து ஸ்ரீவாஞ்சியம் போனோம். அங்கே எமனுக்குத் தனிச் சன்னதி உண்டு. முதலில் எமனைக் கும்பிட்டுவிட்டுத்தான் வாஞ்சிநாதரிடம் போக வேண்டும். அம்மா என் பெயர், நட்சத்திரம் எல்லாம் சொல்லி அர்ச்சனை செய்தாள். நானும் கையைக் கட்டிக்கொண்டு ஒழுங்காக நின்றேன். திரும்பும்போது, நன்னிலத்துக்குப் போகிற சாலையில், காலம் தப்பிய ஒரு மழை பிடித்துக்கொண்டது. வயலிலிருந்து ஏறிய ஏழெட்டு எருமைகள் ரோட்டின் நடுவில் நின்றுவிட்டன. டிரைவர் தம்பி இரண்டு முறை ஹாரன் அடித்தான். ஒன்று மட்டும் மூக்கை மேலே தூக்கி, கொம்பைப் பின்னால் சாய்த்து எங்களைப் பார்த்தது. மற்றவை அதுகூடச் செய்யவில்லை. கறுத்த முதுகுகளில் மழை விழுந்து, இரண்டு பக்கமும் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா பார்க்கக் கூடாததைப் பார்த்ததுபோல் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சுலோகம் முணுமுணுத்தாள். தம்பி மறுபடி ஹாரனில் கை வைத்தான்.

"இருங்க தம்பி, அதுவா போகும்" என்றேன்.